கோடு போட்டு அடித்த பக்கம்

அந்தப் பரீட்சை முடிந்த சாயங்காலம் என் பிள்ளை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். ஜியாமெட்ரி எப்படி என்று கேட்டேன். "முதல் கேள்வியிலேயே ஒரு மணி நேரம் போயிடுத்தும்மா," என்றான். பிறகு, "அதையும் கோடு போட்டு அடிச்சுட்டேன்," என்றான்.

நான் செம்பூர் பள்ளியில் கணக்கு டீச்சர். அவன் படித்தது மாதுங்காவில். இரண்டும், தாராவியில் உள்ள மூன்றாவது பள்ளியும், ஒரே சங்கத்தைச் சேர்ந்தவை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று பள்ளிகளிலும் சேர்ந்து ஒரே பிரிலிம் பரீட்சைதான் நடக்கும். அதில் ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்தைந்து வாங்கினால்தான் போர்டு பரீட்சைக்கு விண்ணப்பப் பாரம் அனுப்புவார்கள். வாங்காவிட்டால் பள்ளிக்கூடம் பாரத்தில் கையெழுத்துப் போடாது. அந்தப் பிள்ளை இன்னொரு வருஷம் அதே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். போர்டில் பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறையக் கூடாது என்பதற்காக ஊரெல்லாம் இருந்த வழக்கம் அது.

என் பிள்ளை கணக்கில் சுமார். அல்ஜீப்ராவில் ஐம்பதுக்கு மேல் வாங்குவான், ஜியாமெட்ரியில் நாற்பத்தைந்து. பயப்படுகிற மாதிரி எதுவும் இருந்ததில்லை. இருந்தும் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் என் மனசு பெயில் வரைக்கும் போய்விட்டது. நான் அப்படித்தான். அவனுக்கு ஜலதோஷம் வந்தாலே டைபாய்டு வரை யோசித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்று இவரும் சிரிக்கவில்லை.

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். நூறு மார்க்குக்கு ஐந்து கேள்வி எழுத வேண்டும். முதல் கேள்வி கட்டாயம், இருபது மார்க். இரண்டு வட்டங்கள் வெளியே ஒன்றையொன்று தொடுகின்றன; இரண்டுக்கும் பொதுவாக ஒரு தொடுகோடு; அந்தத் தொடுகோட்டின் வர்க்கம் இரண்டு விட்டங்களின் பெருக்கலுக்குச் சமம் என்று நிரூபி. ஒரே வாக்கியம். படம் இல்லை, குறிப்பு இல்லை. இன்னொரு நீளக் கேள்வியும் அதே மாதிரி மொட்டையாக நின்றது.

அது ஏன் அப்படி இருந்தது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கேள்வித்தாள் போட்டவர் மாதுங்கா பள்ளியின் மூத்த கணக்கு சார். முப்பது வருஷ சர்வீஸ். அவர் முதலில் எழுதியபோது அந்தக் கேள்வி நான்கு படிகளாக இருந்திருக்கிறது. சின்ன வட்டத்தின் மையத்திலிருந்து தொடுகோட்டுக்கு இணையாக ஒரு கோடு வரை. அதனால் வரும் செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் சொல். பிதாகரஸ் தேற்றத்தை எழுது. அதிலிருந்து முடிவை நிரூபி. இப்படிக் கையைப் பிடித்து அழைத்துப்போகிற கேள்வி. ஆனால் பிரதி எடுப்பதற்காக மெழுகு ஸ்டென்சிலில் தட்டச்சு செய்தபோது தாள் இரண்டு ஸ்டென்சிலுக்குப் போய்விட்டது. ஸ்டென்சில் தட்டுப்பாடான நேரம். ஒன்றிலேயே அடங்கும்படி குறைத்துத் தரச் சொல்லி ஆபீசிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவர் பேனாவை எடுத்து இரண்டு கேள்விகளின் படிகளை அடித்துவிட்டு, கடைசி வரியை மட்டும் விட்டிருக்கிறார். அவருக்கு அது அதே கேள்விதான். முப்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருப்பவருக்குப் படிகள் கண்ணில் தெரியாது போலிருக்கிறது.

ஒரு பள்ளியின் விடைத்தாளை இன்னொரு பள்ளி ஆசிரியர் திருத்துவது எங்கள் முறை. என் பிள்ளை மாதுங்காவில் இருந்ததால் அந்தக் கட்டு எனக்கு வராது என்பது முன்பே முடிவான விஷயம். எனக்குத் தாராவிக் கட்டு வந்தது. தாராவிப் பள்ளியின் கணக்கு வாத்தியார், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத திருநெல்வேலிக்காரர், மாதுங்காக் கட்டைத் திருத்தினார். கேள்வித்தாள் போட்ட சார் செம்பூரைத் திருத்தினார்.

ஐந்தாறு தாள் திருத்துவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் கேள்வியில் பக்கம் பக்கமாக எழுதி, எங்கும் போய்ச் சேராமல், கடைசிக் கேள்விகளை அவசர அவசரமாகக் கிறுக்கியிருந்தார்கள். தெரிந்த தேற்றத்தைக்கூடப் பாதியில் விட்டிருந்தார்கள். நேரம் போய்விட்டது. ஒரு பெண்ணின் தாள் நினைவில் நிற்கிறது. குண்டு குண்டான கையெழுத்து. முதல் கேள்விக்கு அழகான படம் போட்டு, இணைகோடு வரைந்து, முக்கோணத்தின் பக்கங்களையும் சரியாக எழுதிவிட்டு, அதற்கு மேல் போகத் தெரியாமல் ஸ்கேல் வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தாள். பக்கத்தில் 'கேன்சல்ட்' என்று எழுதியிருந்தாள். எங்கள் பள்ளிகளில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்போம். தப்பு என்று தோன்றினால் கிறுக்காதே, சுத்தமாக ஒரு கோடு போடு, கேன்சல்ட் என்று எழுது, திருத்துகிறவர் அதைப் படிக்க மாட்டார். நானும் படிக்கவில்லை. பூஜ்யம் போட்டேன். அந்தப் பெண்ணின் மொத்தம் இருபத்துநான்கு வந்தது.

மூன்று கட்டும் முடிந்தபோது சராசரி முப்பதுக்குக் கீழே நின்றது. போட்டவர் ஐம்பது எதிர்பார்த்திருந்தார். பாதிக்கு மேல் பெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாதுங்கா பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம். நான், கேள்வித்தாள் போட்ட சார், தாராவி வாத்தியார், தலைமை வகிக்க மாதுங்கா ஹெட்மாஸ்டர். மத்தியான்னத்துக்குள் முடித்து, மறுநாள் பட்டியல் ஒட்ட வேண்டும்.

முதலில் அந்த சார் பிள்ளைகளைத்தான் குறை சொன்னார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியவில்லை, கைடு படித்துவிட்டு வருகிறார்கள் என்று. அதற்கு நான் அல்ஜீப்ரா மார்க்கைக் காட்டினேன். அதே வாரம், அதே பிள்ளைகள், அதுவும் மூன்று பள்ளிக்கும் பொதுவான தாள். அதில் எல்லோரும் எப்போதும் வாங்குகிற மாதிரியே வாங்கியிருந்தார்கள். அறுபது வாங்கியவன் ஜியாமெட்ரியில் முப்பதில் நிற்கிறான். பிள்ளைகள் மக்காகிவிட்டார்கள் என்றால் இரண்டிலும் மக்காகியிருக்க வேண்டும். ஆகவே கோளாறு தாளில். அவர் அல்ஜீப்ரா பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகுதான் ஸ்டென்சில் கதையைச் சொன்னார்.

"ரெண்டு வரி ப்ரூஃப் சார் அது. அதுக்கு நாலு படிக்கட்டு கட்டணுமான்னு நெனச்சேன்," என்றார்.

"உங்களுக்கு ரெண்டு வரி சார். பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம்லா," என்றார் தாராவி வாத்தியார். சிரிக்காமல்தான் சொன்னார். ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார்.

ஹெட்மாஸ்டரின் யோசனை எல்லோருக்கும் பதினைந்து மார்க் கூட்டிவிடுவது. கணக்கு சுலபம், கேட்கிறவர்களுக்கும் புரியும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் கேள்வியை ஐந்தே நிமிஷத்தில் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிதானமாக எழுதியவனுக்கும் பதினைந்து, அதில் ஒரு மணி நேரம் தொலைத்தவனுக்கும் பதினைந்து. தாள் கஷ்டமாக இருந்ததால் ஒன்றும் இழக்காதவனுக்கும் அதே ஈடு. எல்லா மார்க்கையும் ஒரே விகிதத்தில் பெருக்கிவிடலாமா என்றார் ஹெட்மாஸ்டர். பெருக்கினால் அறுபது வாங்கியவனுக்குத்தான் அதிகம் போகும், இருபதில் கிடப்பவனுக்குச் சில்லறை கிடைக்கும். முதல் கேள்வியையே தள்ளிவிட்டு எண்பதுக்குக் கணக்குப் போடலாமே என்றார் சார். அதில் கஷ்டப்பட்டு முடிவு வரை போன பிள்ளைகளின் மார்க் காற்றில் போகும் என்றார் தாராவி வாத்தியார்.

நான் சொன்னது இரண்டு கட்டமாக. முதலில், அந்த இரண்டு கேள்விகளையும் படிகள் இருந்திருந்தால் எப்படி மார்க் பிரித்திருப்போமோ அப்படித் திரும்பத் திருத்துவது. படத்துக்கு இரண்டு, இணைகோட்டுக்கு நான்கு, முக்கோணத்தின் பக்கங்களுக்கு ஆறு, பிதாகரஸுக்கு நான்கு, முடிவுக்கு நான்கு. எது வரை சரியாக வந்தார்களோ அது வரை. இப்போது நாங்கள் முடிவுக்குத்தான் மார்க் கொடுத்திருந்தோம். அதன் பிறகும் நேரம் தொலைந்ததற்கு ஈடு வேண்டும். அதற்கு மூன்று பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து ஜியாமெட்ரி மார்க்கின்படி மேலிருந்து கீழே ஒரே வரிசையாக நிறுத்துவது. அல்ஜீப்ரா மார்க்குகளையும் அதே மாதிரி தனியாக ஒரு வரிசை. ஜியாமெட்ரியில் இருபதாவது இடத்தில் நிற்கிற பிள்ளைக்கு, அல்ஜீப்ரா வரிசையில் இருபதாவது இடத்தில் இருக்கும் மார்க்கைக் கொடுப்பது. அது யாருடைய அல்ஜீப்ரா மார்க் என்பது முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். யாரும் யாரையும் தாண்ட மாட்டார்கள். தாளின் கஷ்டம் மட்டும் கழிந்துபோகும். முந்தைய வருஷங்களில் இரண்டு தாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்திருந்ததால் இது பொருந்தும்.

மூன்று பள்ளியையும் சேர்த்தா, தனித்தனியாகவா என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். தனித்தனியாகச் செய்தால் ஒரே பதிலுக்குத் தாராவியில் ஒரு மார்க்கும் மாதுங்காவில் ஒரு மார்க்கும் வரும் என்றேன். ஒத்துக்கொண்டார். ஒரு தடவை இப்படிச் சரிசெய்துவிட்டால் அதற்கு மேல் கிரேஸ் மார்க் கிடையாது என்று அவரே ஒரு நிபந்தனை போட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டீ வந்தது. நல்ல காரியம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் தாராவி வாத்தியார் தான் திருத்திய மாதுங்காக் கட்டைப் பிரித்தார்.

"ஒரு சந்தேகம் சார். திரும்பத் திருத்தப் போறோம். சில பிள்ளைக கோடு போட்டு அடிச்சிருக்கு. அடிச்சதுக்குக் கீழ சரியா இருக்கு. அதை என்ன செய்ய?"

அடித்ததைப் படிப்பதே கூடாது என்றார் சார். தப்பு என்று பிள்ளையே முடிவு செய்துவிட்டான், நாம் ஏன் தோண்டியெடுக்க வேண்டும். தாராவி வாத்தியார் விடவில்லை. படிகள் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அடித்திருக்கவே மாட்டான், சரியான வழியில்தான் போகிறோம் என்று கேள்வியே அவனுக்குச் சொல்லியிருக்கும் என்றார். அடித்ததற்குப் பதிலாக வேறு எதுவும் எழுதாதவர்களுக்கு மட்டும் அதைப் படித்து மார்க் போடலாம் என்றார். அடிக்காமல் குப்பையாக விட்டவனுக்கு எட்டு மார்க், சுத்தமாக அடித்தவனுக்குப் பூஜ்யம் என்றால் நாம் சொல்லிக்கொடுத்ததைக் கேட்ட பிள்ளைக்குத்தானே தண்டனை என்றார். எனக்கு என் கட்டில் இருந்த அந்தப் பெண்ணின் குண்டு எழுத்துகள் ஞாபகம் வந்தன. வாத்தியார் சொல்வது சரி என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஹெட்மாஸ்டருக்கும் சாய்வு அந்தப் பக்கம்தான் இருந்தது. மொத்தம் எத்தனை பேர் என்று விசாரித்தார். மூன்று பள்ளியிலும் சேர்த்துப் பத்துப் பேருக்குள்தான். "உங்க அபிப்பிராயம் என்ன டீச்சர்? நீங்க சொல்றபடி வெச்சுக்கலாம்," என்றார்.

தாராவி வாத்தியார் ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார். "இந்தப் பயலைப் பாருங்க டீச்சர். முக்கால்வாசி போட்டுட்டான். இன்னும் ஒரு வரிதான். வர்க்கம் ரெண்டையும் எழுதிட்டு, ஜியாமெட்ரில அல்ஜீப்ரா போடலாமான்னு பயந்துட்டான் போல. எப்படி அடிச்சிருக்கான் பாருங்க."

நம்பர்தான் இருந்தது, பெயர் இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுகிற கை எனக்குத் தெரியும். நான்தான் கேஜி வயதில் பிடித்து எழுதவைத்த கை. இணைகோடு சரி. பக்கங்கள் சரி. பிதாகரஸ் சரி. என் கணக்குப்படி பதினாறு மார்க். தாளின் மேலே இருபத்தொன்று என்று சிவப்பு மையில் இருந்தது. இருபத்தொன்றும் பதினாறும் முப்பத்தேழு.

 அவர்கள் மூன்று பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். என் பதில் முன்பே முடிவாகியிருந்தது, இந்தத் தாள் என் முன்னால் வருவதற்கு முன்பே. அதைச் சொல்லிவிட்டிருந்தால் போதும். ஒரு சொல்.  ஆனால் இவனுக்காகத்தான் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இது என் பிள்ளையோட பேப்பர்," என்றேன். "இதைப் பத்தி நான் பேசக் கூடாது. நீங்க மூணு பேரும் முடிவு பண்ணுங்கோ."

எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

கீழே மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ரயில் போகிற சத்தம். உள்ளே சாரின் குரல்தான் அதிகம் கேட்டது. தாராவி வாத்தியாரின் குரல் ஒரு தடவை உயர்ந்தது, "அதுக்கும் இதுக்கும் என்ன சார்?" என்று. அப்புறம் ஹெட்மாஸ்டர் மெதுவாக நீளமாக ஏதோ சொன்னார். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூப்பிட்டார்கள். ஹெட்மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார். அடித்ததைப் படிப்பதில்லை என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். நாளைக்குப் பெற்றோர் யாராவது கேட்டால், ஒரு டீச்சரின் பிள்ளை அடித்த பக்கத்துக்கு மார்க் போடுவதற்காகவே விதியை மாற்றினார்கள் என்று பேச்சு வரும். மற்ற எல்லாத் திருத்தத்தின் மேலும் அந்தச் சந்தேகம் விழும்.

"உங்க பேருக்காகத்தான் இப்படிப் பண்ணினோம்," என்றார் சார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"என் பிள்ளையை விட்டுடுங்கோ," என்றேன். "அவனுக்குப் போட வேண்டாம். மத்தவாளுக்குப் போடுங்கோ. என் கட்டுல ஒரு பொண்ணு இருக்கா."

ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார். "ஒரே மாதிரி அடிச்சிருக்கா. ஒருத்தனுக்கு ஒரு ரூல், மத்தவாளுக்கு ஒரு ரூல்னு எப்படி டீச்சர் எழுதறது? நீங்களே சொல்லுங்கோ."

அப்படி ஒரு விதியை எப்படி எழுதுவது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். 

தாராவி வாத்தியார் தாளை மடித்துக் கட்டுக்குள் வைத்தார். அதன் பிறகு அன்று முழுக்க என்னிடம் நேராகப் பேசவில்லை.

மிச்ச வேலையை நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் அந்த வரிசைக் கணக்கு அத்தனை பழக்கமில்லை. படிப்படியாகத் திரும்பத் திருத்தினோம். அடிக்காமல் விட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று ஏறியது. துண்டுக் காகிதங்களில் நம்பரும் மார்க்கும் எழுதி நீள மேஜையில் வரிசையாக அடுக்கினேன். அடித்தவர்களின் மார்க் ஏறவில்லை. ஏறாதது மட்டுமில்லை, மற்றவர்கள் ஏற ஏற இவர்கள் இடம் கீழே போய்க்கொண்டே இருந்தது. வரிசைக் கணக்கில் அதுதான் நடக்கும். பதினைந்து மார்க் கூட்டுகிற ஹெட்மாஸ்டரின் பாமர முறையாக இருந்திருந்தால் அவனுக்கு முப்பத்தாறு வந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தொன்பது. என் முறையில் அவன் துண்டு கடைசியிலிருந்து எண்ணிவிடக்கூடிய இடத்தில் போய் நின்றது. அல்ஜீப்ரா வரிசையில் அந்த இடத்துக்கு முப்பது மார்க். அந்தப் பெண்ணுக்கு முப்பத்துமூன்று. கிரேஸ் கிடையாது. நானே அந்த இரண்டு எண்களையும் எழுதினேன். முறை தப்பில்லை. ஒரே ஒரு இடத்தில் தப்பான எண்ணைக் கொடுத்தால், சரியான முறை அந்தத் தப்பை இன்னும் சரியாகச் செய்துமுடிக்கிறது.

அநியாயமாகப் பெயிலாகியிருக்க வேண்டிய நாற்பது ஐம்பது பிள்ளைகள் அன்று தப்பித்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. அதை நினைத்து ஆறுதல்பட எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன். இவர் ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர், எதையும் உடனே சொல்லிவிட மாட்டார். துண்டை மடித்து வைத்துவிட்டு, "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா அடிச்சதையும் எண்ணியிருப்பா இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். "ஹ்ம்," என்றார். அதற்கு மேல் இன்றுவரை அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பிள்ளையிடம் மறுநாள் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சொல்ல முடிந்தது. பட்டியலுக்கு முன்னால் சொல்வது விதிக்கு விரோதம். அந்த ராத்திரி அவன் சாதாரணமாகச் சாப்பிட்டான், ரேஷன் அரிசிச் சோறு குழைந்துவிட்டது என்று குறை சொன்னான், படுத்துத் தூங்கினான். அந்த ஒரு ராத்திரியையும் நான் அவனிடமிருந்து மறைத்தேன்.

பட்டியல் பார்த்துவிட்டு வந்தவன் அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"நான் போட்டது சரியாம்மா?"

"சரிடா. ஒரு வரிதான் பாக்கி. அல்ஜீப்ரா போட்டிருக்கலாம். தப்பே இல்லை."

"சரின்னு உனக்குத் தெரியும். அந்த சாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்," என்றான். பிறகு, "அப்புறம் யாருக்காகம்மா பெயில்?" என்றான்.

நான் கையை நீட்டினேன். அவன் தள்ளிப் போகவில்லை, கிட்டேயும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தாராவி வாத்தியாரைப் பார்த்தேன். பார்க்காதது மாதிரி போய்விடுவார் என்று நினைத்தேன். வந்தார். அவர் பள்ளியில் படித்த அந்தக் குண்டு எழுத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவள் அப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறையில் கூலி வேலை. ஒரு வருஷம் பார்க்கலாம், இரண்டாவது வருஷத்துக்கெல்லாம் முடியாது என்று நிறுத்திவிட்டார்களாம். ஊரில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வாத்தியார் வீட்டுக்குப் போய் இரண்டு தடவை பேசியிருக்கிறார். 'முப்பத்துமூணு வாங்கின புள்ளைக்கு எதுக்கு சார் படிப்பு' என்று அந்த அப்பா திருப்பிக் கேட்டாராம்.

"நீங்க எந்திரிச்சது தப்புன்னு சொல்லமாட்டேன் டீச்சர்," என்றார். "அன்னைக்கு எனக்கு அது உங்க மகன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் பேப்பரை எடுத்திருக்க மாட்டேன். வேற ஒண்ணை எடுத்திருப்பேன். அந்தப் பிள்ளை பேப்பரை எடுத்திருப்பேன். எல்லாம் நல்லபடியா நடந்திருக்கும்."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை, அவர் போகவேண்டிய பஸ் அதில்லை. நான் ஏறி உட்கார்ந்த பிறகு என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

எழுந்து போனது சரி என்றுதான் என்னை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நேர்மை என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது உடம்பு கூசுகிறது. நான் பேசாமல் இருந்திருந்தால் பத்துப் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைத்திருக்கும், அதில் ஒன்று என் பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக அது கிடைக்காமல் போயிற்று. மார்க்கிலிருந்து தாளின் கஷ்டத்தைக் கழிக்கத் தெரிந்த எனக்கு, ஒரு விதியிலிருந்து என்னைக் கழிக்கத் தெரியவில்லை. நாளைக்கு மறுபடியும் அதே மேஜை, அதே தாள் என்றால் நான் மறுபடியும் எழுந்துதான் போவேன் என்று நினைக்கிறேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

போர்டுக்குப் பாரம் நிரப்புகிற வாரம் வந்தது. செம்பூரில் பதினோராம் வகுப்புக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். ஒவ்வொரு பிள்ளையாக என் மேஜைக்கு வரும், பிறந்த தேதியைச் சர்டிபிகேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும், அப்பா பெயரின் ஸ்பெல்லிங்கைப் பார்க்க வேண்டும், போட்டோவை ஒட்ட வேண்டும். அவர்களில் பாதிப் பேர் என் வரிசைக் கணக்கினால் வந்து நின்றவர்கள். பத்தொன்பதிலிருந்து எட்டு மார்க் ஏறி, அப்புறம் இடத்தால் நாற்பதுக்குப் போன ஒரு பையன் கம்ஃபர்ட்டபிளாகப் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் அடிக்காமல் விட்டான், அவ்வளவுதான்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி பாரத்தை நீட்டினாள். என் பிள்ளையும் அதே வகுப்பு என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் பள்ளி விழாவில் பார்த்திருக்கிறாள். நல்ல பெண், சும்மா பேசுவதற்காகக் கேட்டாள்.

"டீச்சர், உங்க பையனுக்கு எந்த சென்டர் வரும்? மாதுங்காலேயே போட்டுடுவாங்களா?"

"இந்த வருஷம் அவன் எழுதலைம்மா," என்றேன்.

அவளுக்கு முகம் மாறிவிட்டது. ஸாரி டீச்சர் என்று முணுமுணுத்தாள். 

அவள் பாரத்தில் பிறந்த தேதி சரியாக இருந்தது. அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டிருந்தாள், அதைக் காட்டினேன். எழுதிவிட்டுத் திரும்ப நீட்டினாள். கையெழுத்துப் போட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.